ஓய்வுக்குப் பின் ஆலோசகராக: முதல் வேலையை எப்படி எடுப்பது, எவ்வளவு கேட்பது

"இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன். 33 வருடம் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருந்தேன், கடைசி 9 வருடம் துறைத் தலைவர். வீட்டில் சும்மா உட்கார முடியாது. ஆலோசகராகப் போகலாமா, பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கலாமா, இல்லை ஏதாவது சமூக அமைப்பில் சேரலாமா என்று குழப்பமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் ஆலைக்கு வந்து பார்க்கச் சொல்கிறார். எவ்வளவு கேட்பது, எப்படித் தொடங்குவது? இதைச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

நானும் பராமரிப்புத் துறைதான். ஓய்வு பெற்று 11 வருடம் ஆகிறது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். மூன்றும் உங்களுக்குச் சரிப்படும், ஆனால் வரிசை முக்கியம். ஆலோசனை வேலையை முதலில் எடுங்கள்.

ஏனென்றால் உங்களிடம் இருக்கும் அறிவு எல்லாம் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை. எந்த மாடலில் என்ன கோளாறு வரும், எந்த உதிரிப் பாகத்துக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், யாரைக் கூப்பிட்டால் உடனே ஃபோனை எடுப்பார்கள் என்பதெல்லாம் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் விலகி இருந்தால் அதில் பாதி போய்விடும். உங்களைத் தெரிந்தவர்களே வேறு இடங்களுக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு பேரிங் ஏன் சூடாகிறது, தண்டு நேராக இல்லாவிட்டால் அதிர்வு எப்படி வரும் என்பது பத்து வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும். அதுதான் வகுப்பில் சொல்லித்தரும் அறிவு, அது காத்திருக்கும். ஆலோசனைக்கு வேண்டியது காத்திருக்காது.

உங்களைக் கூப்பிட்ட அந்தத் தெரிந்தவரை வைத்தே சொல்கிறேன். நான் முதலில் தடுமாறியதும் அப்படி ஒரு அழைப்பில்தான். வேலைக்காலத்தில் பழக்கமான ஒருவர் தன் ஆலைக்கு வந்து பார்க்கச் சொன்னார். மூன்று நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பணம் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் "வந்ததுதான் வந்தீர்கள், இந்த மெஷினையும் பாருங்கள்" என்றார்கள். ஐந்தாம் நாள் அவர்களுடைய ஷிஃப்ட் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் ஒரு ஃபிட்டரிடம் "முதலில் அந்த வால்வைக் கழற்று" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் நின்ற அவருடைய சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த மனிதர் எனக்கு ஒரு தகவலும் தரவில்லை. 14 நாள் போனது. கடைசியில் ஒரு சால்வையும் பயணச் செலவும் கிடைத்தன. நான் சொன்னவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது.

பணம் வராததைவிட அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஏன் அப்படி ஆனது என்று யோசித்ததில்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது.

துறைத் தலைவராக இருக்கும்போது நமக்கு அதிகாரம் இருக்கிறது. தவறாகச் சொன்னாலும் நடக்கும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். ஆலோசகருக்கு அது கிடையாது. அங்கே ஒரு ஆணியைக்கூட நம்மால் கழற்றச் சொல்ல முடியாது. நாம் கண்டதைச் சொல்லலாம், ஏன் என்று காட்டலாம், அவர்கள் முடிவெடுப்பார்கள். அதனால் நாம் விற்பது 33 வருட அனுபவத்தை அல்ல. ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு, அளந்து பார்த்துச் சொல்லும் ஒரு பதிலை விற்கிறோம். அந்தக் கேள்வி என்ன என்று முதலில் எழுதாவிட்டால், பதில் சொல்லி முடித்ததாக இரண்டு பேருக்குமே தோன்றாது.

எட்கர் ஷைன் என்ற அமைப்பு உளவியலாளர் 1969 வாக்கிலேயே இதைப் பிரித்துச் சொன்னார். வாடிக்கையாளர் தனக்கு என்ன தேவை என்று தானே முடிவு செய்து அந்த நிபுணத்துவத்தை வாங்குவது ஒரு வகை. நோயாளி மருத்துவரிடம் வருவதுபோல, என்ன கோளாறு என்றே கண்டுபிடிக்கச் சொல்வது இரண்டாம் வகை. கூடவே இருந்து அவர்களையே கண்டுபிடிக்க வைப்பது மூன்றாம் வகை. நம்மைப் போன்றவர்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் ஒலிக்கும்: "எந்த பம்ப் வாங்கலாம் சொல்லுங்கள்." உள்ளே இருப்பது இரண்டாம் வகை. பம்பே தேவையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒழுங்காக நடந்த முதல் வேலையை விவரமாகச் சொல்கிறேன். அதிலேயே நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

அது பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் ஓடும் ஒரு சிறு தொழிற்சாலை. உரிமையாளர் சொன்னது இது: "காற்று போதவில்லை, கடைசி மெஷின்களில் அழுத்தம் இறங்கிவிடுகிறது, இரண்டாவது கம்ப்ரஸர் வாங்கப் போகிறோம், எதை வாங்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்." ஒரு மணி நேரம் இலவசமாகப் பேசினேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்றுவரை நான் பணம் கேட்பதில்லை. அதில் நான் பதில் சொல்வதில்லை, கேள்விதான் கேட்பேன். எப்போதிலிருந்து அழுத்தம் இறங்குகிறது? அதற்கு முன் ஆலையில் என்ன மாறியது? ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரஸர் சத்தம் கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு அவர் "ஆமாம், அது எப்போதும் ஓடும்" என்றார். யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோது கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப லோடுக்குப் போகிறது என்றால், காற்று எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அதை அன்றைக்கே சொல்லவில்லை. அளக்காமல் சொன்னால் அது அபிப்பிராயம், அபிப்பிராயத்துக்கு அவர் ஆலையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அதில் முதலில் கேள்வி: தற்போதைய கம்ப்ரஸர் போதாமல் இருப்பதற்கு என்ன காரணம், இரண்டாவது ஒன்று வாங்கத் தேவையா. அப்புறம் நாட்கள்: சுற்றிப் பார்த்துப் பேச ஒரு நாள், அளக்க இரண்டு நாள், அறிக்கை எழுத ஒரு நாள், அவர்கள் சரிசெய்த பின் மறுபடி அளக்க ஒரு நாள், ஆக 5 நாள். அப்புறம் அவர்கள் தர வேண்டியது: உற்பத்தி முழுவதும் நின்ற ஒரு நாள், ஒரு எலக்ட்ரீஷியன், குழாய்ப் பாதையின் வரைபடம், உயரத்தில் ஏற ஏணி. கடைசியாக, நான் செய்யாதவை: பழுது பார்ப்பது, விலை பேசுவது, வேலையை மேற்பார்வை பார்ப்பது. இவற்றில் ஏதாவது வேண்டுமென்றால் அதே நாள் கட்டணத்தில், தனியாக எழுதிக்கொண்டு.

அந்த "செய்யாதவை" பகுதியை எழுதும்போது கை கூசும். நட்பாகக் கூப்பிட்டவரிடம் இப்படியா என்று தோன்றும். எழுதுங்கள். என் 14 நாள் அனுபவத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு பத்திதான். அது அவருக்கும் நல்லது, ஏனென்றால் பணம் எதற்குக் கொடுக்கிறோம் என்று அவருக்கும் தெளிவாகிவிடும். மேலாண்மை ஆலோசனைக்கென்று 2017-இல் வந்த ஐஎஸ்ஓ 20700 என்ற வழிகாட்டுதல்கூட வேலையை ஒப்பந்தம், செயல்பாடு, முடிப்பு என்று மூன்று கட்டமாகத்தான் பிரிக்கிறது. நம்மவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் வேலை என்று நினைக்கிறோம்.

இப்போது கட்டணம். பெரும்பாலானவர்கள் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்து அதையே நாள் கட்டணமாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன், அது தவறு. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் 900 பங்கு என்று இருக்கட்டும். விடுமுறையெல்லாம் கழித்து வருடத்துக்கு 225 நாள் வேலை செய்தீர்கள் என்றால் ஒரு நாளுக்கு 4 பங்கு. ஆனால் நிறுவனம் உங்களுக்காகச் செலவழித்தது 900 மட்டுமல்ல. ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, அலுவலகம், கணினி, பயிற்சி என்று இன்னும் கால்வாசிக்கு மேல் போகும். 30 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 1170. இனி அவை எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும்.

நாட்களும் 225 கிடைக்காது. வேலை தேடிப் பேசுவது, கடிதம் எழுதுவது, கணக்கு, படிப்பு, ஒத்திப்போன சந்திப்புகள் என்று பாதி நாட்கள் சம்பளமில்லாமல் கழியும். முழுநேரமாகச் செய்தாலும் பில் போடக்கூடிய நாட்கள் 115 வாக்கில்தான் வரும். 1170-ஐ 115-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 பங்கு. அதாவது பழைய நாள் சம்பளத்தின் இரண்டரை மடங்கு. முதல் முறை இந்த எண்ணைப் பார்த்தபோது பேராசை போலத் தோன்றியது. ஆனால் 4 பங்குக்கு வேலை செய்தால், பழைய சம்பளத்தில் பாதிகூட வருடக் கடைசியில் கையில் நிற்காது. குறைவாகக் கேட்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் ஆளைக் கூடுதல் கை என்று நினைப்பார்கள், ஷிஃப்ட் கூட்டத்தில் உட்கார வைப்பார்கள். விலை சரியாக இருந்தால் உங்கள் 5 நாளை அவர்கள்தான் கவனமாகச் செலவு செய்வார்கள்.

நீங்கள் வருடம் முழுவதும் வேலை செய்யப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். வருடத்துக்கு 40 பில் நாள் போதும் என்று நினைத்தாலும் நாள் கட்டணம் அதேதான். நாட்களைக் குறையுங்கள், விலையை அல்ல.

பணம் வரும் ஒழுங்கையும் கடிதத்திலேயே வையுங்கள். நான் 40 சதவீதம் முன்பணம், 40 அறிக்கை கொடுக்கும் நாளில், 20 மறு அளவீட்டுக்குப் பிறகு என்று வைத்தேன். முன்பணம் வெறும் பணம் மட்டுமல்ல, அது ஒரு சோதனை. கையெழுத்துப் போட்டு முன்பணம் வர மூன்று மாதம் ஆகும் இடத்தில் அறிக்கைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். முன்பணம் வராமல் நான் வேலை தொடங்குவதில்லை. இரண்டு முறை அந்தப் பிடிவாதத்தால் வேலை கைவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் பிறகு போனவர்கள் தங்கள் பணத்துக்கு அலைந்தார்கள்.

சரி, ஆலைக்குப் போன கதைக்கு வருகிறேன். முதல் நாள் நான் போனது உரிமையாளரின் அறைக்கு அல்ல, பராமரிப்பு சூப்பர்வைசரிடம். முந்தைய பாடம் அது. "நீங்கள் இங்கே தினமும் இருக்கிறீர்கள், எங்கே கசிகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது" என்றேன். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்தார். ஒன்றரை வருடமாகக் கசிவு இடங்களைக் குறித்து வைத்திருந்தார். இரண்டு முறை மேலே சொல்லியும் இருக்கிறார், உற்பத்தியை நிறுத்த நேரம் கொடுக்கவில்லை. ஆலோசகராகப் போகும் இடங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். பதில் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே யாரிடமோ இருக்கும், கேட்பதற்கு ஆள் இல்லாமல்.

உற்பத்தி நின்ற நாளில் அளந்தோம். இது எளிய சோதனை, அந்தக் கம்ப்ரஸர் லோடு ஏறி இறங்கும் வகை என்பதால் ஒரு கடிகாரமே போதும். எந்த மெஷினும் காற்றைப் பயன்படுத்தாத நிலையில் கம்ப்ரஸரை ஓட விட வேண்டும். அது காற்றை அடைக்கும் நேரத்தையும், அடைத்து முடித்துச் சும்மா ஓடும் நேரத்தையும் பல சுற்றுகளுக்குக் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். எங்களுக்கு அடைக்கும் நேரம் 54 வினாடி, சும்மா ஓடும் நேரம் 126 வினாடி வந்தது. மொத்தம் 180 வினாடியில் 54 என்றால் 30 சதவீதம். அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் 30 சதவீதம், ஒரு பொட்டலம்கூடக் கட்டாமல், கசிவிலேயே போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் பராமரித்த அமைப்பில் இது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

சூப்பர்வைசரின் நோட்டையும், மீயொலியைக் கேட்கும் வாடகைக் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு 41 இடங்களில் அட்டை கட்டினோம். வழக்கமான இடங்கள்தான்: விரைவு இணைப்புகள், வெடித்த ஹோஸ்கள், திறந்தபடியே சிக்கிக்கொண்ட வடிகால் வால்வுகள். கடைசி மெஷின்களுக்குப் போகும் வழியில் இருந்த ஃபில்டர் அடைத்துப்போயிருந்தது. அழுத்தம் அங்கே இறங்கியதற்கு அதுதான் நேரடிக் காரணம். இறங்குகிறதே என்று யாரோ கம்ப்ரஸரின் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 8 பாராக ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பார் ஏற்றினால் மின்சாரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அழுத்தம் கூடியதும் அதே ஓட்டைகள் வழியே இன்னும் அதிகக் காற்று வெளியேறும். ஆக, குறையை மறைக்கச் செய்ததே குறையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

அறிக்கை 6 பக்கம். முதல் பக்கத்தில் பதில் மட்டும்: இரண்டாவது கம்ப்ரஸர் இப்போது வேண்டாம், ஃபில்டரை மாற்றுங்கள், இந்த 41 இடங்களைச் சரிசெய்யுங்கள், அழுத்தத்தை 7 பாருக்கு இறக்குங்கள், இந்த வரிசையில். மற்ற பக்கங்களில் அளவுகளும் படங்களும். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு, கசிவு இடங்களில் பெரும்பகுதியை அவர் முன்பே குறித்து வைத்திருந்தார் என்று அவர் பெயரோடு எழுதினேன். வேலை நடந்ததற்கு அந்த ஒரு வரி பெரிய காரணம் என்று நம்புகிறேன். அது வெளியாள் கொண்டுவந்த குறைப் பட்டியலாக இல்லாமல் அவருடைய வேலையாக ஆனது. மூன்று வாரத்தில் அவருடைய ஆட்களே செய்து முடித்தார்கள். மறுபடி அளந்தபோது அடைக்கும் நேரம் 20 வினாடி, சும்மா ஓடும் நேரம் 180 வினாடி. 10 சதவீதம்.

மறு அளவீட்டுக்கு ஏன் தனி நாள் வைத்தேன் என்றால், அது இல்லாமல் நம் வேலைக்கு ஆதாரமே இல்லை. "நன்றாக ஆலோசனை சொன்னார்" என்பது அடுத்த வாடிக்கையாளரிடம் எடுபடாது. "30 சதவீதக் கசிவு 10 ஆனது, வாங்க இருந்த இயந்திரத்தைத் தள்ளிப்போட்டார்கள்" என்றால் எடுபடும். அடுத்த இரண்டு வேலைகளும் அந்த உரிமையாளர் சொல்லித்தான் வந்தன.

அந்த வேலையில் ஒரு சோதனையும் வந்தது. உரிமையாளர் விலை கேட்டிருந்த விற்பனையாளர் எனக்கு ஃபோன் செய்து, கம்ப்ரஸர் விற்றால் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றார். உங்களுக்கும் நிச்சயம் வரும். பல இடங்களில் அதை வழக்கம் என்றே நினைக்கிறார்கள். வாங்காதீர்கள். கடிதத்திலேயே "எந்த விற்பனையாளரிடமிருந்தும் பணமோ பொருளோ பெறமாட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்தப் பேச்சே எழாது. "வாங்க வேண்டாம்" என்று சொல்ல முடிகிற ஆள் என்பதற்காகத்தான் நமக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

ஓய்வு பெறும் முன்பே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். விலகிய பின் இத்தனை மாதம் போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக்கூடாது, வாடிக்கையாளர்களை அணுகக்கூடாது என்று இருக்கலாம். அது எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டாவது, நிறுவனத்தின் வரைபடங்கள், விலைப் பட்டியல், சப்ளையர் ஒப்பந்தங்கள் எதையும் பென்ட்ரைவில் எடுத்து வராதீர்கள். "எப்போதாவது உதவும்" என்று தோன்றும். தலையில் இருப்பது உங்களுடையது, கோப்பில் இருப்பது அவர்களுடையது. புது வாடிக்கையாளர் முன்னால் பழைய இடத்தின் கோப்பைத் திறந்தால், நாளை நம் கோப்பையும் இப்படித்தான் திறப்பார் என்றுதான் அவர் நினைப்பார்.

காப்பீடு பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஆலோசனையால் நஷ்டம் வந்தது என்று யாராவது வழக்குப் போட்டால் காக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும், வேலை செய்த வருடத்தில் இருந்த பாலிசியை வைத்து அல்ல, உங்கள் மேல் கோரிக்கை வரும் நாளில் நடப்பில் இருக்கும் பாலிசியை வைத்தே பணம் தரும். அதனால் 70 வயதில் வேலையை நிறுத்தி அன்றே பாலிசியையும் நிறுத்தினால், 68-இல் செய்த வேலைக்கு 71-இல் வரும் கோரிக்கைக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். நிறுத்திய பின்னும் சில வருடம் தொடரும் நீட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்கும், அதை எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தக் கலன், பாய்லர், மின்தூக்கி போன்றவற்றுக்குப் பாதுகாப்புச் சான்று கொடுக்கச் சொன்னால், அதற்கான உரிமம் உங்களிடம் இருந்தால் ஒழியக் கையெழுத்துப் போடாதீர்கள். 33 வருட அனுபவம் உரிமம் ஆகாது.

எப்போது இது சரியாகப் போகவில்லை என்று தெரியும்? ஒரே வாடிக்கையாளர் உங்கள் நாட்களில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு, விடுப்பு எடுக்க அவரிடம் சொல்ல வேண்டியிருந்தால், நீங்கள் ஆலோசகர் இல்லை, சலுகைகள் இல்லாத ஊழியர். அதே போல, அறிக்கை கொடுத்து ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்காமல், மறுபடி இன்னொரு அறிக்கை கேட்டால், அங்கே முடிவெடுக்க வேண்டியவரை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். முதல் ஒரு மணி நேரப் பேச்சிலேயே "இதற்குச் செலவு செய்ய யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்று கேளுங்கள். அவர் அந்த அறையில் இல்லையென்றால் அவர் வரும் நாளில் மறுபடி போங்கள்.

கற்பிப்பது பற்றிச் சுருக்கமாக. ஒரு முழுப் பாடத்திட்டத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், முதலில் ஒரே ஒரு தலைப்பில் நான்கு வகுப்பு கேளுங்கள். நமக்கு எந்தப் படி கடினம் என்பது மறந்தே போயிருக்கும், ஏனென்றால் நம் கை அதைத் தானாகச் செய்கிறது. என் முதல் வகுப்பில் பம்ப்பையும் மோட்டாரையும் நேர்ப்படுத்துவதை 40 நிமிடத்தில் சொல்லி முடித்தேன், மாணவர்கள் தலையாட்டினார்கள். செய்யச் சொன்னபோது டயல் கேஜில் ஊசி எந்தப் பக்கம் போனால் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அதைச் சொல்லவே இல்லை, சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆலோசனை வேலையில் எடுத்த படங்களும் அளவுகளும் வாடிக்கையாளர் அனுமதியோடு, பெயர் நீக்கி, வகுப்பில் மிகவும் உதவும். கம்ப்ரஸர் கதையை நான் ஒவ்வொரு வருடமும் சொல்லித்தருகிறேன். 54-ஐயும் 126-ஐயும் மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன்.

சமூகப் பணியில் என் அனுபவம், அதே ஒரு பக்கக் கடிதம் அங்கேதான் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது என்பது. பணம் இல்லாத வேலைக்கு எல்லையும் இல்லாமல் போய்விடும். நான் ஒரு முதியோர் இல்லத்தின் நீர் பம்ப்புகளுக்கும் ஜெனரேட்டருக்கும் பராமரிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். கடிதத்தில் கேள்வி, நாட்கள், அவர்கள் தர வேண்டியது எல்லாம் எழுதி, முடிவில் முழுக் கட்டணத்தைப் போட்டு, அதன் கீழே நன்கொடையாக முழுவதும் கழித்து, மீதி பூஜ்ஜியம் என்று காட்டினேன். அவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்தது, நான் சொன்ன நாளில் ஆளும் சாவியும் தயாராக இருந்தன. அட்டவணையை நான் வைத்துக்கொள்ளவில்லை. அங்கே வேலை பார்க்கும் காவலாளியின் மேசைக்கு மேல் ஒட்டி, மூன்று மாதம் அவரே டிக் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் விலகினேன். நாம் இல்லாத நாளில் அது ஓட வேண்டும். சில நாடுகளில் ஓய்வு பெற்ற நிபுணர்களைக் குறுகிய காலத்துக்கு இப்படி அனுப்பவே அமைப்புகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் பும் 1978 முதலும், ஜெர்மனியில் சீனியர் எக்ஸ்பர்ட் சர்வீஸ் 1983 முதலும் செய்கின்றன. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஸ்கோர் சிறு தொழில் செய்பவர்களுக்கு ஓய்வு பெற்றவர்களையும் பணியில் இருப்பவர்களையும் கொண்டு இலவச வழிகாட்டுதல் தருகிறது. அவர்கள் எப்படி வேலையை வரையறுக்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு படிப்பு.

உங்களைக் கூப்பிட்டவர் விஷயத்தில் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீங்கள் இன்னும் பணியில் இருப்பதால் இப்போதே வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டாம். "ஓய்வு பெற்ற மறு மாதம் வருகிறேன், அதற்கு முன் ஒரு மணி நேரம் பேசலாம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஆலையில் எது நிற்கிறது, எப்போது நிற்கிறது, நின்றால் என்ன நஷ்டம், இதற்கு முன் யார் என்ன செய்து பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பாருங்கள், அனுப்ப வேண்டியதில்லை. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் அவரிடம் இன்னொரு முறை பேச வேண்டியிருக்கிறது. எழுத முடிந்தால், நாட்களை எண்ணி, பழைய நாள் சம்பளத்தின் இரண்டரை மடங்கால் பெருக்கி, அந்தத் தொகையை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள். நேரில் சொல்லும்போது குரல் இறங்கக்கூடாது.